கப்பல் வரைபடம்: செய்மதிக்குக் காசு கட்டுவதா, கணக்குப் போடுவதா?

அத்தான் சரக்குக் கப்பலில் வேலை. வெள்ளவத்தையில் அக்கா, கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் மரைன் டிராபிக் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, கப்பல் ரெண்டு நாளா ஒரே இடத்திலயே நிக்குது" என்று பதறுவார். "நிக்கேல்ல அக்கா, சிக்னல்தான் வரேல்ல" என்பேன். மாதச் சந்தா கட்டிச் செய்மதித் தரவு வாங்குவதா, இலவச வரைபடத்தோடு சமாளிப்பதா என்ற கேள்வி அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு இலவசத்தோடு நின்றுவிட்டோம். என் சாய்வும் அந்தப் பக்கந்தான்.

மரைன் டிராபிக்கா வெசல் ஃபைண்டரா என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். கப்பல் தன் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை ஏஐஎஸ் கருவி வழியாக வானொலியில் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஓடும்போது சில விநாடிகளுக்கு ஒரு தடவை, நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒரு தடவை. இலவச வரைபடம் காட்டுவது பெரும்பாலும் கரையில் உள்ள அன்ரெனாக்கள் பிடித்ததை. பூமியின் வளைவு மறைப்பதால் அவற்றுக்கு ஏறத்தாழ 40 கடல் மைலுக்கு அப்பால் எட்டுவது கடினம். அதைத் தாண்டினால் செய்மதிதான், அதற்குத்தான் காசு.

செய்மதி என்றால் எந்நேரமும் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். சிக்கல் அங்கேதான். ஒரு நிமிடம் ஒவ்வோர் அலைவரிசையிலும் 2,250 சிறு நேரத்துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் உள்ள கப்பல்கள் மோதாமல் அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். மேலிருந்து பார்க்கும் செய்மதிக்கோ, ஒன்றையொன்று அறியாத பல கூட்டங்களின் குரலும் ஒரே நேரத்தில் கேட்கும். ஒரே துண்டில் இரண்டு கப்பல் பேசினால் இரண்டும் கெட்டுப்போகலாம். ஆகவே மலாக்கா நீரிணை போன்ற நெரிசலில் செய்மதி தடுமாறும், ஆளில்லாத நடுக்கடலில் நன்றாகக் கேட்கும். நெரிசல் உள்ள இடத்தில் கரை அன்ரெனா இருக்கும். நடுக்கடலில் கப்பல் நேர்கோட்டில் போகும். சந்தா கட்டினால் அந்த நேர்கோட்டுக்குத்தான் காசு கொடுப்போம், அதை நாங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

சிங்கப்பூரில் இருந்து கொழும்புக்கு வருவதையே எடுங்கள். சுமாத்திராவின் வடமுனையில் இருந்து தெவிநுவர முனைவரை ஏறக்குறைய 880 கடல் மைல். இரு கரையின் எட்டும் தூரத்தையும் கழித்தால் இருட்டில் கிடப்பது 800. கடைசிப் புள்ளி திங்கள் காலை 6 மணி, வேகம் 15 நொட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், என்றால் 53 மணித்தியாலம்: புதன் காலை 11 மணியளவில் தெற்குக் கரையில் தலைகாட்ட வேண்டும். காலநிலையால் 13 நொட்டுக்குக் குறைந்தால் அன்றிரவு ஏழரை. ஆகவே புதன் இரவுவரை பதறத் தேவையில்லை. அதற்குப் பிறகும் காணவில்லை என்றால், சுமாத்திரா பக்கம் அதே நேரம் அதே வேகத்தில் வந்த வேறொரு கப்பலைப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் கரை அன்ரெனாவில்தான் ஏதோ கோளாறு.

கணக்குப் போடுமுன் புள்ளியின் நேரத்தைப் பாருங்கள். UTC என்று இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். சேரிடமும் வந்துசேரும் நேரமும் கப்பலில் ஒருவர் கையால் தட்டுவது. 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற நிலையும் அப்படியே, மாற்ற மறந்துவிடுவார்கள். வேகம் 0.2 நொட் என்று கிடந்து கப்பலின் முகம் நோக்கும் திசை மட்டும் சுற்றினால், எழுத்து என்ன சொன்னாலும் கப்பல் நங்கூரத்தில்தான் நிற்கிறது. கொழும்புக்கு வெளியே இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வீட்டு மொட்டைமாடியில் சொந்த அன்ரெனா வைக்கும் யோசனையும் வந்தது. கொழும்பை நெருங்கும் கப்பல்தான் அதில் விழும், அதை ஏற்கெனவே யாரோ பிடிக்கிறார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உப்புக்காற்று இணைப்பைத் தின்றுவிடும் என்பது தனிக்கதை.

கணக்கு கைகொடுக்காத இடமும் உண்டு. செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் கப்பல் நாள்கணக்கில் கரையை விட்டு விலகியிருக்கும், காலநிலைக்கேற்பப் பாதையும் மாறும், பிழை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பயணத்துக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா எடுத்தோம், பிரயோசனமாகத்தான் இருந்தது. வேறு நீண்ட பாதைகளில் எப்படி என்று எனக்கு அனுபவம் இல்லை. ஜிபிஎஸ்ஸைக் குழப்பும் பகுதியில் கப்பல் தரையில் ஏறி நிற்பதுபோலக் காட்டினால் காசு கட்டியும் பலனில்லை. கப்பல் சொல்வதே பிழை, கரையும் செய்மதியும் அதே பிழையைத்தான் கேட்கின்றன.