தானே மாறும் தேதி, கையால் போடும் தேதி, குறிப்போடு வரும் தேதி

2015-ல் கடவுச்சொல் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுங்கள்" என்பதுதான் அதன் முக்கிய அறிவுரை. 2017-ல் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், SP 800-63B வழிகாட்டியில் வேறு மாதிரி சொன்னது: நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்றச் சொன்னால் போதும். நீங்களும் கட்டுரையை மாற்றி எழுதுகிறீர்கள். சரி, கட்டுரையில் காட்டும் தேதியை என்ன செய்வது?

மென்பொருளிடமே விட்டுவிடுவது முதல் வழி. வேர்ட்பிரஸில் `get_the_modified_date()` தருவது கட்டுரையைக் கடைசியாகச் சேமித்த தேதி. 2024-ல் ஒரு கால்புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும் "புதுப்பித்தது: 2024" என்று வந்துவிடும். மொத்தக் கட்டுரையும் அந்த ஆண்டு சரிபார்க்கப்பட்டது என்று வாசகர் நம்புவார். உழைப்பே வேண்டாம் என்பதைத் தவிர இதில் எனக்கு நல்லது எதுவும் தெரியவில்லை.

கையால் போடும் தேதி இதைவிட மேல், ஒரு விதியை விடாமல் பிடித்தால். வாசகர் செய்யப்போவதோ நம்பப்போவதோ மாறினால் மட்டும் தேதியை மாற்றலாம், எழுத்துப்பிழைக்கு வேண்டாம். முதலில் வெளியான தேதியை அழிக்கவே கூடாது. ஆனால் எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும், என்ன மாறியது என்பதைத் தேதி சொல்லாது. பழைய கட்டுரையை நம்பி 90 நாள் நினைவூட்டல் வைத்திருப்பவர் திரும்பி வந்து பார்த்தால், அவருக்கு அந்தத் தேதியால் பயனில்லை.

அவருக்காகத்தான் மூன்றாவது வழி: தேதியோடு, என்ன மாறியது என்ற குறிப்பையும் போடுவது. "சில தகவல்கள் புதுப்பிக்கப்பட்டன" என்று எழுதுவது குறிப்பே இல்லை. இப்படி எழுதலாம்:

"புதுப்பிப்பு, 12 ஜூலை 2017: 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தோம். நிஸ்டின் புதிய வழிகாட்டியைப் பார்த்து அதை நீக்கிவிட்டோம். கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். மற்ற பகுதிகளை இப்போது சரிபார்க்கவில்லை."

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். தேதி எந்தப் பகுதிக்கு உத்தரவாதம் என்பதை அது ஒன்றுதான் சொல்கிறது. முடிவே மாறியிருப்பதால் குறிப்பு மேலே இருக்க வேண்டும். அப்புறம், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் சிலருக்கு மார்ச், சிலருக்கு ஏப்ரல்.

"புதுப்பிப்பு" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 90 நாள் விதி 2015-ல் பரவலாகச் சொல்லப்பட்ட ஒன்று, பிறகு மாறியது. அதனால் அது புதுப்பிப்பு. 90 என்று எழுத நினைத்து 9 என்று எழுதியிருந்தால் அது அன்றே தவறு, அதற்குப் பெயர் "திருத்தம்". தவறைப் புதுப்பிப்பு என்று சொல்வது அதை மறைப்பதுதான்.

குறிப்புகள் பெருகினால் புதியது மட்டும் மேலே இருக்கட்டும், பழையவை கடைசிக்குப் போகட்டும், எதையும் நீக்க வேண்டாம். தினமும் மாறும் விலை, விகிதம் போன்றவற்றுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது. அங்கே ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எந்த நாள் நிலவரம் என்று போட்டால் போதும்.