"இந்த வாரம் மட்டும் மாத்திக்கலாமா, டீச்சர்?": வகுப்பு மாற்றத்துக்கு மூன்று வழிகள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். நேரம் குறித்துத் தந்த அதே பெற்றோர், வெள்ளிக்கிழமை வந்தால் வகுப்பை மாற்றச் சொல்கிறார்கள். மறுத்தால் கடுமையாகத் தெரியும் என்று தோன்றும். ஒத்துக்கொண்டே போனால் நம் வாரம் நம் கையில் இருக்காது. இதைச் சமாளிக்க எங்கள் வட்டாரத்தில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. நான் மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதல் வழி, நடந்த வகுப்புக்கு மட்டும் பணம். வகுப்பு இல்லையா, கட்டணமும் இல்லை. கேட்க நியாயமாக இருக்கும், சண்டையும் வராது. ஆனால் ஒரு வகுப்பு 20 டாலர் என்று வைத்தால், 12 வாரப் பருவத்தில் நான்கு வகுப்பு போனால் 240 வர வேண்டிய இடத்தில் 160தான் வரும். ரத்து செய்கிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதால் ரத்துகளும் கூடிக்கொண்டே போகும். எப்போதாவது வந்து சந்தேகம் கேட்டுப் போகும் பெரியவர்களுக்கு இந்த முறை சரி. வாராவாரம் வரும் பிள்ளைக்கு ஒத்துவராது.

இரண்டாவது, 24 மணி நேர விதி. ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பின் சொன்னால் வகுப்பு நடந்ததாகக் கணக்கு. பல பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். திடீர் ரத்து இதில் நிஜமாகவே குறைகிறது. ஆனால் அடிக்கடி மாற்றுகிற குடும்பத்தை இது கொஞ்சமும் தொடாது. அவர்கள் வியாழக்கிழமையே மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை வகுப்பை வேறு எங்காவது வைக்கச் சொல்வார்கள். விதிப்படி நடந்தவர்களிடம் என்ன குறை சொல்ல முடியும்?

அந்த "வேறு எங்காவது" எங்கே என்பதுதான் மொத்தப் பிரச்சினையும். நான் மூன்றாவது வழிக்குப் போனதும் இதனால்தான். கொஞ்சம் நேரக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கோடையில் நியூஜெர்சிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே சனி, ஞாயிறு காலை 8 மணி முதல் 12 வரை என்றால் நமக்கு மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பதரை. 45 நிமிட வகுப்பாக வைத்தால் ஒரு நாளைக்கு ஐந்து, இரண்டு நாளும் சேர்த்துப் பத்து. கிழக்குக் கரைப் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய நல்ல நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வார நாளில் அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. பிள்ளை தூங்கப்போகும் முன் 8 மணிக்கு வைத்தால் இங்கே ஐந்தரை. (கலிபோர்னியா குடும்பங்கள் இந்த விஷயத்தில் வரப்பிரசாதம். அங்கே மாலை 6 என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறரை, குளித்துவிட்டு உட்காரலாம்.)

ஆக, சனிக்கிழமை மாலை ஆறரை மணி இடத்தை ஒருவர் காலி செய்தால் அந்த வாரம் அதை வேறு யாருக்கும் தர முடியாது. மாற்று வகுப்போ விடியற்காலை ஐந்தரைக்குப் போய் உட்காரும். அன்றைய நம் சாதகம் போச்சு. ஒரு மாற்றத்துக்கு நாம் இரண்டு இடம் கொடுக்கிறோம்: காலியாகப் போன இடம் ஒன்று, புதிதாகத் தேடிக் கொடுத்த இடம் இன்னொன்று. 24 மணி நேரம் முன்பே சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு வாரத்து இடத்தை ஒரு நாளில் இன்னொரு குடும்பத்துக்கு விற்க முடியாதல்லவா?

பாடத்துக்கும் அடி விழுகிறது. மூன்று வாரம் தள்ளிப்போன பிள்ளைக்கு ஒரே வாரத்தில் இரண்டு வகுப்பு வைத்து ஈடுகட்டலாம் என்று பெற்றோர் நினைப்பார்கள். வர்ணத்தில் முக்தாயி ஸ்வரத்தைச் செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொடுத்து, வியாழக்கிழமை சரணத்துக்குப் போக முடியாது. நடுவில் ஒரு வாரம் வீட்டில் இரண்டு காலத்திலும் பாடி, தாளம் தப்பாமல் வந்தால்தான் அடுத்த அடி. இரண்டாவது வகுப்பு பெரும்பாலும் முதல் வகுப்பையே திரும்பப் பாடவைப்பதில் கழியும். பெற்றோர் கணக்கில் இரண்டு வகுப்பு, பிள்ளைக்குப் போனது ஒன்றரைப் பாடம்கூட இல்லை.

சரி, மூன்றாவது வழி. 12 வாரப் பருவத்துக்கு இரண்டு மாற்றம். 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். மாற்று வகுப்பு அடுத்த இரண்டு வாரத்துக்குள், நான் சொல்லும் இரண்டு நேரங்களில் ஒன்றில். மூன்றாவது மாற்றம் வந்தால் அந்த வகுப்பு நடந்ததாகக் கணக்கு, ஆனால் பிள்ளை வெறுங்கையோடு போகாது. அந்த வாரத்துப் பயிற்சியை அதே சுருதியில் பத்துப் பதினைந்து நிமிடம் பாடிப் பதிவு செய்து அனுப்பிவிடுவேன். நான் ரத்து செய்தால் அது யார் கணக்கிலும் வராது, கட்டாயம் ஈடு உண்டு. மார்கழியில் கச்சேரி உள்ளவர்கள் இந்தக் கடைசி வரியை எழுத்தில் போடாமல் விடாதீர்கள். டிசம்பரில் பாதி ரத்து நம் பக்கத்திலிருந்துதான் வரும்.

இந்த விதி கறாராக இருந்தும் மனம் நோகாமல் நடப்பதற்குக் காரணம், எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது. மூன்றாவது மாற்றத்தின்போதுதான் விதியை எடுத்து நீட்டினால் அது தண்டனை மாதிரி இருக்கும். முதல் மாற்றத்துக்கே "ஓகே, இது இந்தப் பருவத்தில் முதல் மாற்றம், இன்னும் ஒன்று இருக்கு" என்று சேர்த்து எழுதிவிட்டால், இருக்கிற ஒன்றை எதற்குச் செலவழிப்பது என்று அவர்களே யோசிப்பார்கள்.

செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில் இது எப்படிப் போகும் என்று பார்க்கலாம். நியூஜெர்சியில் பத்து வயதுப் பெண், சனிக்கிழமை அங்கே காலை 9, இங்கே மாலை ஆறரை. இரண்டாவது வாரம் சாக்கர் மேட்ச், முதல் மாற்றம். நான்காவது வாரம் மறுபடியும் சாக்கர், இரண்டாவது மாற்றம். இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இரண்டும் ஒரே காரணம், அதுவும் முதல் மாதத்திலேயே. அப்படியென்றால் குடும்பத்தின் மேல் தப்பில்லை, குறித்த நேரமே தப்பு. இலையுதிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை காலை சாக்கர் இருக்கத்தான் போகிறது. அம்மாவுக்கு நான் எழுதுவது இப்படி:

"வணக்கம்மா. இந்த வாரம் மாத்திக்கலாம், செவ்வாய் உங்க நேரம் இரவு 8, இல்லேன்னா ஞாயிறு காலை 11. இது இரண்டாவது மாற்றம், இந்தப் பருவத்துக்கு இதோட முடிஞ்சுது. ரெண்டு தடவையும் சாக்கர்தான் குறுக்கே வந்திருக்கு. நவம்பர் வரைக்கும் வகுப்பையே ஞாயிறு 11க்கு மாத்திடலாமா? அது மாற்றக் கணக்கில் வராது."

பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும். வரம்பு என்று ஒன்று இருப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் இது. முதல் இரண்டு வழிகளில் யாரும் எண்ணுவதில்லை. எண்ணாவிட்டால் எல்லா மாற்றத்துக்கும் ஒரே காரணம் என்பதே கண்ணில் படாது.

"எப்போ உங்களுக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு கேள்விக்குப் பதினைந்து செய்தி ஓடும், கடைசியில் நமக்கு முடியாத நேரத்தில் வந்து நிற்கும். இரண்டு நேரம் சொல்லுங்கள், அதில் ஒன்று அவர்களுடையது.

பிறகு அக்டோபரில் நவராத்திரி. வெள்ளி இரவு செய்தி வருகிறது: "டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மூணு வீட்டுக் கொலுவுக்குப் போகணும், இந்த ஒரு தடவை மட்டும்..." இது மூன்றாவது. காரணம் நல்ல காரணம்தான், நானே கொலு வைக்கிறவள். ஆனால் காரணத்தை எடைபோட உட்கார்ந்தால் முடிந்தது கதை. கொலுவுக்குச் சரி, பிறந்தநாளுக்கு இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். நம் பதிலில் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்கக் கூடாது, நம்பாத மாதிரியும் இருக்கக் கூடாது.

"நல்லா போயிட்டு வாங்கம்மா. ரெண்டு மாற்றமும் முடிஞ்சதால ஞாயிறு வகுப்பு நடந்த கணக்கில் வரும். அவளுக்கு அனுபல்லவி வரைக்கும் நான் பாடிப் பதிவு அனுப்பறேன், தினம் ரெண்டு தடவை கூடப் பாடினா போதும். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்."

மன்னிப்பு கேட்கவில்லை, விதியை நீட்டி விளக்கவும் இல்லை. அந்த ஞாயிறு வகுப்பு நேரத்திலேயே பதிவைச் செய்து அனுப்பிவிட வேண்டும், இதில் ஏமாற்றக் கூடாது. அனுப்பாமல் விட்டால் "காசு மட்டும் வாங்கிட்டாங்க" என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் வந்துவிடும்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. பருவக் கட்டணத்தை முன்பே வாங்காவிட்டால் மூன்றாவது விதிக்குப் பல்லே கிடையாது. மாதக் கடைசியில் பணம் வாங்குபவர்கள் ரத்தான வகுப்புக்குக் காசு கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அது யாருக்கும் வராது, எனக்கும் வராது. மொத்தமாகக் கொடுக்க முடியாத குடும்பத்துக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை முன்பணம் என்று பிரிக்கலாம், ஆனால் இரண்டு மாற்றம் என்பதைப் பருவத்துக்கே வையுங்கள். காய்ச்சல், மருத்துவமனை, வீட்டில் துக்கம் இவற்றை நான் எண்ணுவதில்லை. இருமலோடு பிள்ளையைப் பாடவைத்து யாருக்கு என்ன லாபம்? தொண்டை சரியில்லாத நாளில் வகுப்பை வைத்துக்கொண்டு, பாடாமல் ஸ்வரம் எழுதவும் தாளம் போடவும் வைக்கும் ஆசிரியர்கள் உண்டு, அதுவும் நன்றாகவே இருக்கிறது.

குழு வகுப்புக்கு இந்த விதி பொருந்துமா என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை, நான் தனி வகுப்புதான் எடுக்கிறேன். நான்கு பேர் இருக்கும் வகுப்பை ஒருவருக்காக மாற்ற முடியாது என்பதால் அங்கே பதிவு அனுப்புவது மட்டும்தான் வழியாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகும் பெரியவர்களிடமும் என் அனுபவம் குறைவு. அலுவலகப் பயணம் உள்ளவர்களுக்கு இரண்டு மாற்றம் போதாமல் போகலாம்.

கடைசியாக, எழுத்தில் போட மறக்கக் கூடாத இன்னொரு வரி. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும், மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னே வரும். அவர்களுடைய காலை 11 மணி நமக்கு இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குத் தள்ளிப்போகும், சிங்கப்பூர், துபாய் பிள்ளைகளின் நேரம் அப்படியே நிற்கும். லண்டன் பிள்ளை இருந்தால் இன்னும் குழப்பம், அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறே மாறிவிடும். இந்தக் குழப்பத்தில் வரும் நேர மாற்றம் எதுவும் இரண்டில் சேராது என்று செப்டம்பரிலேயே சொல்லி, நவம்பர் நேரத்தையும் அப்போதே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.