வாங்கி முடித்தவரையும் விடாத விளம்பரம்: கார்ட் நினைவூட்டல் சேவையோடு என் அனுபவம்

கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களைத் திரும்ப அழைக்கும் சேவை ஒன்றை என் ஆன்லைன் கடையில் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் அதன் மாதக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், அவரும் கடை வைத்திருப்பவர், "எடுக்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லை, அதனால் எழுதுகிறேன். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, விளம்பரம் மூன்றையும் ஒரே இடத்திலிருந்து அனுப்பும் என்கிற அடிப்படையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மின்னஞ்சல் பகுதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. முதல் மடல் ஒரு மணி நேரம் கழித்துப் போகிறது. பத்து நிமிடத்தில் அனுப்பினால் பணம் கட்ட வங்கி அட்டையை எடுக்க எழுந்து போனவருக்கும் போய்ச் சேரும், அவர் எரிச்சலாவார். இரண்டாவது மடல் மறுநாள், அவர் கார்ட்டில் போட்ட அதே நேரத்தை ஒட்டி. அந்த நேரத்தில் அவருக்கு ஓய்வு இருந்தது என்பது நமக்குத் தெரியுமே. மூன்றாவது மடல் மூன்று நாள் கழித்து. அதோடு சரி.

முதல் மடலில் தள்ளுபடி வைப்பதில்லை. பொருளின் படம், டெலிவரி கட்டணம், திருப்பித் தரும் விதி, கார்ட்டை அப்படியே திறக்கும் இணைப்பு, இவ்வளவுதான். கணினியில் போட்ட கார்ட் போனில் முழுசாகத் திறக்கிறது. நான் எதிர்பார்க்காத இன்னொரு நன்மையும் உண்டு. மடலுக்குப் பதில் எழுதலாம் என்று வைத்திருப்பதால், ஏன் வாங்கவில்லை என்று வாடிக்கையாளர்களே சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும் டெலிவரி கட்டணம்தான் காரணம். கட்டணத்தைப் பொருள் பக்கத்திலேயே காட்ட ஆரம்பித்த பிறகு, பாதியில் போகிறவர்களே குறைந்தார்கள்.

தள்ளுபடியில் கணக்குப் பார்க்காமல் இறங்கக் கூடாது. நூறு ரூபாய் பொருளில் நாற்பது ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதக் கூப்பன் கொடுத்தால் லாபம் முப்பதாகிறது. பார்க்கப் பத்துதான், ஆனால் லாபத்தில் கால் பங்கு போய்விட்டது. கூப்பன் இல்லாமலே எட்டுப் பேர் திரும்பி வருவார்கள் என்றால் லாபம் 320. கூப்பனோடு அதைத் தொட 11 பேர் வர வேண்டும். எட்டுப் பேர் எப்படியும் வருவார்களா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பத்தில் ஒருவருக்குக் கூப்பன் மட்டும் அனுப்பாமல் விட்டுப் பார்ப்பதுதான். சேவையின் அறிக்கையோ மடல் போன பிறகு நடந்த எல்லா விற்பனையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. என் கடையில் மூன்றாவது மடலில் மட்டும் கூப்பன் உண்டு. ஒருவருக்கு ஒரு குறியீடு, ஒரே தடவை, இரண்டு நாளில் காலாவதி, ஒருமுறை வாங்கியவருக்கு அடுத்த மூன்று மாதம் கிடையாது. இந்த வரம்பு இல்லாவிட்டால் கூப்பனுக்காகவே கார்ட்டை விட்டுப் போகப் பழகிவிடுவார்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். விளம்பரத்தை இந்தச் சேவை நிறுத்தத் தெரியாமல் ஓட்டுகிறது.

ஒரு வாடிக்கையாளர் கணினியில் ஒரு மேசை விளக்கைக் கார்ட்டில் போட்டு, மின்னஞ்சலையும் போன் எண்ணையும் கொடுத்துவிட்டு மூடிவிட்டார். அன்றிரவு போனில் வந்து முழு விலைக்கு வாங்கினார், ஆனால் வேறு மின்னஞ்சலில். பணம் கட்டியது வேறொரு செயலியில். கட்டி முடித்ததும் செயலியை மூடிவிட்டார், கடையின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. யார் என்ன செய்தார் என்று விளம்பரத் தளத்துக்குச் சொல்ல நம் கடைப் பக்கங்களில் வைக்கும் சிறு நிரல்தான் பிக்ஸல். அது `Purchase` என்று பதிவு செய்வது அந்தப் பக்கம் திறந்தால்தான். ஆகவே விளம்பரத் தளத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் `AddToCart` செய்துவிட்டு நிற்கிறவர். விளக்கு அவர் வீட்டில் எரிந்துகொண்டிருக்க, போகிற இடமெல்லாம் அதே விளக்கின் விளம்பரம். மூன்றாம் நாள் பழைய மின்னஞ்சலுக்குப் பத்து சதவீதக் கூப்பனும் போனது. முழு விலை கொடுத்தவர் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டார். நியாயம்தான், கொடுத்தேன்.

இது ஒருவரோடு நிற்கிற விஷயம் இல்லை. உங்கள் கடையில் நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி: ஒரு வாரத்து ஆர்டர் எண்ணிக்கையையும், அதே வாரத்தில் விளம்பரத் தளத்தில் பதிவான `Purchase` எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னது குறைவாக இருந்தால், அந்த இடைவெளியில் இருப்பவர்களில் பலர் வாங்கிய பிறகும் துரத்தப்படுகிறவர்களாக இருக்கலாம்.

சரிசெய்ய முடியும். பணம் வந்ததும் பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்குத் தகவல் சொல்கிறது. அங்கிருந்தே `Purchase` நிகழ்வை அனுப்பிவிட்டால் நன்றிப் பக்கத்தை நம்ப வேண்டியதில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் மெட்டாவில் இதற்கு Conversions API இருக்கிறது. பிக்ஸலும் சர்வரும் ஒரே `event_id` அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஒரு விற்பனை இரண்டாக எண்ணப்படும். மின்னஞ்சலோடு போன் எண்ணையும் ஹேஷ் செய்து, அதாவது நேரடியாகப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி அனுப்பினால், இரண்டு மின்னஞ்சல் வைத்திருப்பவரையும் பெரும்பாலும் ஒரே ஆளாகக் கண்டுகொள்ளும். இதையெல்லாம் நான் தனியாக ஒரு டெவலப்பரை வைத்துச் செய்துகொண்டேன். மாதாமாதம் பணம் வாங்கும் சேவை செய்து தந்திருக்க வேண்டிய வேலை இது. கூப்பன் மடல் அனுப்பும் முன் ஆர்டர் பட்டியலில் அந்தப் போன் எண் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கக்கூட அதற்குத் தெரியவில்லை. கேட்டு எழுதினால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில்தான் ஒவ்வொரு முறையும்.

வாங்காதவர்களுக்கும் விளம்பரத்தை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி இருக்கிறது. சேவை தானாக வைத்துத் தரும் கெடு 30 நாள். என் பழைய ஆர்டர்களில் கார்ட்டில் போட்டதற்கும் வாங்கியதற்கும் நடுவே எத்தனை நாள் என்று பார்த்தேன். விளக்கு போன்ற பொருளுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரு வாரத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்கு மேல் காட்டுவது காசைக் கரைப்பது. அதனால் ஏழு நாள் கெடு வைத்து, 180 நாளில் வாங்கியவர்கள் எல்லோரையும் விலக்கும் பட்டியலில் சேர்த்தேன். சோபா மாதிரி யோசித்து வாங்கும் பொருள் விற்பவர்களுக்குக் கெடு நீளும். மாதந்தோறும் தீர்ந்துபோகும் பொருள் விற்பவர்கள் விலக்கும் காலத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பொருள் ஸ்டாக் தீர்ந்தாலும் விளம்பரம் அன்றே நிற்க வேண்டும். இந்தச் சேவையில் அதையும் நாம்தான் கையால் நிறுத்த வேண்டியிருக்கிறது.

மின்னஞ்சல் மட்டுமே கட்டணத்தைப் போல் பல மடங்கு சம்பாதித்துக் கொடுக்கிறது. யாரும் மறுக்க முடியாது. மடலுக்காக நான் தொடர்ந்து வைத்திருக்கிறேன், விளம்பர இணைப்பை மட்டும் போன மாதம் துண்டித்துவிட்டேன். ஆனாலும் நண்பரிடம் "எடுக்காதே" என்றுதான் சொன்னேன். பணம் கொடுத்து முடித்த வாடிக்கையாளரை அடையாளம் தெரியாத ஒரு சேவைக்கு, கட்டணம் எவ்வளவு குறைந்தாலும், புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.