மூன்று தாள், ஒரே கூட்டுத்தொகை: இயந்திரம் வாங்கிய 15 லட்சம் எந்தத் தலைப்பில் வரும்?

போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் மலைக்கு மேலே குமுளியிலும் பி.காம். படிக்கும் மாணவர்களுக்கு ஏலக்காய்க் கடையை வைத்தே ரொக்க ஓட்ட அறிக்கைக் கணக்கைக் கொடுப்பது வசதி. ஏலத்தில் எடுக்கும் காய், கடனுக்குப் போகும் சரக்கு, தரம் பிரிக்கும் இயந்திரம் எல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே இருப்பவை. அப்படி அமைத்த கற்பனைக் கணக்கு ஒன்றையும், அதற்கு வழக்கமாக வரக்கூடிய மூன்று விடைகளையும் இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். தொகைகள் அனைத்தும் லட்சம் ரூபாயில் உள்ளன. வட்டியையும் வரியையும் இதில் சேர்க்கவில்லை.

ஒரு கடையின் ஆண்டு நிகர இலாபம் 18. அதைக் கணக்கிடும்போது கழிக்கப்பட்ட தேய்மானம் 4. ஏட்டு மதிப்பு 3 உள்ள பழைய சல்லடை இயந்திரம் 2-க்கு விற்கப்பட்டதால் 1 நட்டம். சரக்கிருப்பு 5 கூடியது, கடனாளிகள் 2 குறைந்தனர், கடனீந்தோர் 1 கூடினர். வங்கிக் கடன் 8 வாங்கப்பட்டது, உரிமையாளர் எடுப்பு 10. இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரத்தின் தொடக்க மதிப்பு 20, இறுதி மதிப்பு 28. ரொக்கம் 3-லிருந்து 9 ஆனது. காயை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் ஒன்று வாங்கப்பட்டது என்று வினா சொல்கிறது. விலையை மட்டும் சொல்லவில்லை.

விலையை இயந்திரக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். தொடக்க மதிப்பு 20-இலிருந்து தேய்மானம் 4-ஐயும் விற்ற இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 3-ஐயும் கழித்தால் 13 நிற்கும்; இறுதியில் 28 இருப்பதால், இடையில் வாங்கியது 15.

| | முதல் தாள் | இரண்டாம் தாள் | மூன்றாம் தாள் |
|---|---|---|---|
| இயக்க நடவடிக்கைகள் | 21 | 6 | 8 |
| முதலீட்டு நடவடிக்கைகள் | −13 | 2 | 0 |
| நிதியளிப்பு நடவடிக்கைகள் | −2 | −2 | −2 |
| ரொக்க உயர்வு | 6 | 6 | 6 |

முதல் தாளே சரியானது. இலாபம் 18-உடன் தேய்மானம் 4-ஐயும் நட்டம் 1-ஐயும் கூட்டி, சரக்கு, கடனாளிகள், கடனீந்தோர் மாற்றங்களைச் சரிசெய்தால் இயக்க நடவடிக்கைகளின் ரொக்கம் 21 வரும். புதிய இயந்திரத்துக்குக் கொடுத்த 15-உம் பழையதை விற்றுப் பெற்ற 2-உம் முதலீட்டில் சேர்ந்து 13 வெளியேற்றமாகின்றன. நீண்டகாலச் சொத்துகளை வாங்குவதும் விற்பதும் முதலீட்டு நடவடிக்கை என்று கணக்கியல் தரநிலை 3 வரையறுப்பதால், இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாம் தாளை எழுதிய மாணவர் விலையைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் கலர் சார்ட்டர் இல்லாமல் அன்றாட வியாபாரமே நடக்காது என்று எண்ணி, அந்த 15-ஐ இயக்க நடவடிக்கைகளில் கழித்துவிட்டார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம்தான் இது. கடைக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது சொத்து எதற்குப் பயன்படுகிறது என்பதை அன்று, அந்தச் செலவு எத்தனை ஆண்டுகளுக்குப் பலன் தருகிறது என்பதையே. 18 என்ற இலாபத்தைக் கணக்கிடும்போது இயந்திரங்களின் விலையில் தேய்மானமாக 4 மட்டுமே கழிக்கப்பட்டது. அந்த 4-ஐயும் நாம் திரும்பக் கூட்டிவிட்டதால், இயந்திரத்தின் விலை இயக்கப் பகுதியை விட்டு முழுவதுமாக வெளியேறியிருக்கிறது. வெளியேற்றியதை வேறொரு வரியாக அதே பகுதிக்குள் திரும்பக் கொண்டுவந்ததுதான் இவருடைய பிழை. அதே தாளில் பழைய இயந்திரத்தை விற்ற 2 மட்டும் முதலீட்டில் நிற்கிறது. வாங்கியது ஒரு தலைப்பிலும் விற்றது வேறு தலைப்பிலும் இருப்பதைப் பார்த்தாலே திருத்துபவருக்கு ஐயம் வந்துவிடும்.

மூன்றாம் தாள் இதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து, ஏனெனில் அதில் கண்ணுக்குத் தெரியும் முரண்பாடே இல்லை. இவர் சரக்கிருப்பின் உயர்வு 5-ஐக் கழித்த கையோடு, 'இயந்திர உயர்வு' என்று 8-ஐயும் கழித்திருக்கிறார். தேய்மானம், விற்பனை நட்டம், விற்ற பணம் எதுவுமே தாளில் இல்லை. ஆனாலும் ரொக்க உயர்வு 6 பிசகாமல் வந்து நிற்கிறது. இது தற்செயல் அன்று. இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் சமம் என்பதால், ரொக்கம் தவிர்த்த மற்றச் சொத்துகள், பொறுப்புகள், முதல் ஆகியவற்றின் மாற்றங்களை எந்த வரிசையில், எந்தத் தலைப்பின் கீழ் எழுதினாலும் மிச்சம் ரொக்கத்தின் மாற்றமாகத்தான் இருக்கும். இவர் விட்டுவிட்ட தேய்மானம் 4, நட்டம் 1, விற்ற பணம் 2 மூன்றும் சேர்ந்து 7. வாங்கிய 15-க்குப் பதில் 8 என்று போட்டதால் குறைந்ததும் அதே 7. ஆகவே விடை டேலி ஆகிவிட்டது என்பது தலைப்புகள் சரியாக உள்ளன என்பதற்குச் சான்றாகாது. இலாபத்துக்கு அடுத்த வரிகளில் தேய்மானம் இருக்கிறதா என்று முதலில் தேடுவதே இத்தகைய தாளைப் பிடிக்கும் வழி.

மொத்தம் மாறவில்லை என்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். வங்கிக் கடனில் அசலாக ஆண்டுக்கு 2 கட்ட வேண்டும், உரிமையாளர் அதே 10-ஐ எடுப்பார் என்று கொள்வோம். முதல் தாளின் 21 அந்த 12-ஐத் தாங்கி மீதியும் வைக்கும்; மற்ற இரண்டு தாள்களை நம்பும் வங்கி மேலாளருக்கு, இந்தக் கடை வியாபாரத்தைக் கொண்டு தவணை கட்ட முடியாத கடையாகத் தெரியும். அடுத்த ஆண்டு வியாபாரம் இம்மியும் மாறாமல், இயந்திரம் மட்டும் வாங்கப்படாதிருந்தால், இரண்டாம் தாளின் முறையில் இயக்க ரொக்கம் 6-லிருந்து 21-க்குத் தாவி, நடக்காத வளர்ச்சியைக் காட்டும். இதையே தலைகீழாகச் செய்த பெரிய நிறுவனமும் உண்டு. அமெரிக்காவின் வேர்ல்ட்காம், இணைப்புக் கட்டணச் செலவில் சுமார் 380 கோடி டாலரை மூலதனச் செலவாகப் பதிந்ததை 2002 ஜூனில் வெளியிட்டது. செலவு இயக்கப் பகுதியிலிருந்து முதலீட்டுப் பகுதிக்கு நகர்ந்ததால், இயக்க ரொக்கம் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

வினாவில் ஒரு சொற்றொடர் மாறினால் முதல் தாளை எழுதுபவரும் தடுமாறுவார். கலர் சார்ட்டரின் விலையில் 3 இன்னும் விற்றவருக்குக் கொடுக்கப்படவில்லை என்றும், அந்தத் தொகை கடனீந்தோர் இருப்பில் கலந்திருப்பதால் உயர்வு 4 என்றும், அதனால் இறுதி ரொக்கம் 12 என்றும் வினா சொன்னால், புதிய இயந்திரத்துக்காக முதலீட்டில் வெளியேறிய ரொக்கம் 12 மட்டுமே. கடனீந்தோர் உயர்வாக இயக்கப் பகுதியில் கூட்ட வேண்டியது காய் கொடுத்தவர்களுக்கு உரிய 1. இதைக் கவனிக்காமல் முதலீட்டில் 15, இயக்கத்தில் 4 என்று எழுதினால் இயக்க ரொக்கம் 24 ஆகிவிடும். மொத்த ரொக்க உயர்வு 9 அப்போதும் டேலி ஆகும்.

பழுதுபார்ப்பு வேறு வகை. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டியதும் பெல்ட் மாற்றியதும் அந்த ஆண்டின் செலவாக இலாபத்தில் ஏற்கெனவே கழிந்திருக்கும். அவற்றை முதலீட்டுக்கு நகர்த்தக் கூடாது. ஏட்டில் சொத்தாகப் பதியப்படும் செலவு மட்டுமே முதலீட்டு நடவடிக்கையாகலாம் என்று இந்தியக் கணக்கியல் தரநிலை 7 வெளிப்படையாகவே சொல்கிறது.

இரண்டாம் தாளின் முறை பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. வினாவில் வருபவர் ஏலக்காய் வணிகராக இல்லாமல், கலர் சார்ட்டர்களை வாங்கி விற்கும் இயந்திர வணிகராக இருந்தால், விற்பதற்காக வாங்கிய அந்த இயந்திரம் அவருக்குச் சரக்கு. அதற்குத் தேய்மானம் கிடையாது. ஆண்டு இறுதியில் விற்காமல் நின்றால் அது சரக்கிருப்பு உயர்வில் அடங்கும். அதற்குக் கொடுத்த 15 இயக்க நடவடிக்கைகளிலேயே இருக்கும்.