ஓடிபி எஸ்எம்எஸ்ஸா, செயலியா, தாளில் எழுதிய எண்களா?

எங்கள் வீட்டில் எல்லாருடைய மின்னஞ்சல் கணக்கையும் போன வருஷம் எஸ்எம்எஸ் ஓடிபியிலிருந்து எடுத்து, குறியீடு காட்டும் செயலிக்கு மாற்றிவிட்டேன். கூடவே ஒரு தாளில் மாற்றுக் குறியீடுகளை எழுதி வைத்திருக்கிறோம். மூன்றையும் பழகிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் ஓட்டு செயலிக்குத்தான்.

எஸ்எம்எஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்த வசதி, எதையும் நிறுவ வேண்டாம், பட்டன் போனே போதும் என்பது. அது சரிதான். சிக்கல் எங்கே வருகிறதென்று பார்ப்போம். கோட்டூர் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டில் ஃபைபர் இணைப்பு நன்றாக ஓடும். ஆனால் கூடத்தில் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான், அதுவும் வந்து வந்து போகும். ஒரு நாள் சாயங்காலம் புதுப் போனில் மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தார். ஓடிபி வரவில்லை. 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்தினார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனதும் மூன்று எஸ்எம்எஸ்ஸும் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக விழுந்ததைப் போட்டார், தவறு என்றது. அடுத்ததைப் போட்டார், அதுவும் தவறு. மூன்றாவதைப் போடுவதற்குள் அதன் நேரம் கடந்துவிட்டது. கடைசியில் 'பலமுறை முயன்றதால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டுள்ளது' என்று வந்து நின்றது.

"நான் ஒண்ணுமே தப்பாப் போடலையேடா தம்பி, வந்த நம்பரைத்தான் போட்டேன்" என்றார். உண்மைதான். பல தளங்களில் புதுக் குறியீடு கேட்ட நொடியே பழையது செல்லாது. நாம் மூன்று முறை கேட்டால் கடைசியாகக் கேட்டது மட்டும்தான் உயிரோடு இருக்கும். போன் எட்டாத இடத்தில் இருக்கும்போது செய்தியை மொபைல் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையம் தன்னிடம் வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதனால் தாமதமும் உண்டு, வரிசை மாறுவதும் உண்டு. பழைய எண்ணைப் போட்டால் தளத்தின் கணக்கில் அது தவறான முயற்சிதான். திரையில் 'அனுப்பிவிட்டோம்' என்று வருவதும், தபால் பெட்டியில் போட்டாயிற்று என்கிற அளவுக்குத்தான்.

வந்ததில் எது கடைசியாகக் கேட்டது என்று கண்டுபிடிக்கப் பல ஆண்ட்ராய்டு போன்களில் வழி இருக்கிறது. அந்தச் செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து விவரங்களைப் பார்த்தால், அனுப்பிய நேரம் ஒன்று, வந்து சேர்ந்த நேரம் ஒன்று எனத் தனித்தனியே இருக்கும். அனுப்பிய நேரம் எதில் பிந்தியதோ அதுதான் செல்லும். சித்தப்பா போனில் முதலில் போட்ட எண், மூன்றில் நடுவில் அனுப்பப்பட்டது. எதுவுமே வரவில்லையென்றால், வேறு நிறுவன சிம்மிலிருந்து ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அது வந்து ஓடிபி மட்டும் வராவிட்டால் ஸ்பாம் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அனுப்புகிறவர் பக்கம்தான் இருக்கும். 2021 மார்ச்சில் நாடு முழுக்க அப்படி ஆனது. முன்கூட்டியே பதிவு செய்த வாசக மாதிரியோடு பொருந்தாத வணிக எஸ்எம்எஸ்களைத் தடுக்கும் முறையை அமல்படுத்தியதும் ஓடிபிகளும் சேர்ந்து நின்றுபோக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. அந்தச் சாதாரண எஸ்எம்எஸ்ஸும் வராவிட்டால் டவரிலோ சிம்மிலோ ரீசார்ஜிலோதான் கோளாறு. எஸ்எம்எஸ் மைய எண்ணை மாற்றச் சொல்லும் கைவைத்தியத்தை விட்டுவிடுங்கள், அது நாம் அனுப்புவதற்கு மட்டும்தான்.

பூட்டு விழுந்த பிறகு செய்ய வேண்டியது, சும்மா இருப்பது. சில தளங்களில் இடையில் தொட்டால் காத்திருப்பு நேரம் முதலிலிருந்து ஓடும். சித்தப்பா மறுநாள் காலை மாடியில் நின்று ஒரே ஒரு குறியீடு கேட்டார், வந்தது, நுழைந்தார். செயலியை அப்புறம்தான் சேர்க்க முடிந்தது. பூட்டிய கணக்கில் எதையும் சேர்க்க வழியில்லை.

செயலிக்கு சிக்னலே வேண்டாம். முதல் நாள் தளம் காட்டும் க்யூஆரைச் செயலியில் ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போய்விடுகிறது. அந்தச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒரு ஆறிலக்க எண் உருவாகும். ஏற்க மறுத்தால் பெரும்பாலும் போன் கடிகாரம் தள்ளிப் போயிருக்கும். தானியங்கி நேரத்தைப் போட்டால் சரியாகிவிடும். மீண்டும் அனுப்பு என்ற பட்டனே இல்லாததால் மூன்று எண்கள் குழம்புகிற பேச்சும் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைத்தது, போன் போனால் என்ன ஆகும் என்பதுதான். இதில் எஸ்எம்எஸ் ஒரு விதத்தில் ஜெயிக்கிறது. போன் வாய்க்காலில் விழுந்தாலும் டூப்ளிகேட் சிம் வாங்கி அதே நம்பரைத் திரும்பப் பெறலாம். புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும், அவ்வளவுதான். அதற்கு எதிர்ப்பக்கம், ரீசார்ஜை மறந்து நம்பர் செத்துப்போனால் சில மாதங்களில் அது வேறு யாருக்கோ போகும், உங்கள் ஓடிபியும் கூடவே போகும். சிங்கப்பூரோ குவைத்தோ போய்விட்டு ஊர் சிம்மை அலமாரியில் போட்டு வைத்திருப்பவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர்.

செயலியில், நகல் எடுக்காத போன் செத்தால் சாவியும் போச்சு. கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரலிலிருந்து கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி உண்டு. ஆனால் பூட்டிக்கொண்டது அந்தக் கூகுள் கணக்கே என்றால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய நிலைதான். அதனால் நான் ஏஜிஸ் என்கிற வேறொரு செயலியை வைத்திருக்கிறேன். அது சாவிகளைக் கடவுச்சொல் போட்ட கோப்பாக வெளியே எடுத்துத் தரும். கோப்பு ஒரு பென்டிரைவில், பீரோவில். சித்தப்பாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது. அவருக்கு சித்தியின் போனிலும் அதே க்யூஆரை ஸ்கேன் செய்து வைத்தேன். இரண்டு போனிலும் ஒரே எண் வரும். க்யூஆர் திரையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், பல தளங்கள் அதை இரண்டாம் முறை காட்டாது.

தாள் இந்த ஓட்டையை அடைக்கத்தான். கூகுளில் எட்டிலக்க எண்கள் பத்து தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், புதுத் தொகுப்பு எடுத்தால் பழையது மொத்தமும் ரத்து. அன்றாடத்துக்கு அது உதவாது. பட்டா, ரேஷன் கார்டு இருக்கிற பையிலேயே வைத்து, பயன்படுத்தியதைப் பேனாவால் அடித்துவிடுவது போதும்.

வைஃபை காலிங்கைப் போட்டால் எஸ்எம்எஸ் கூடத்திலேயே வரும் என்கிறார்கள். சித்தப்பா வீட்டில் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை, அதை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போன் பூட்டைத் திறந்தே நுழைய விடும் பாஸ்கீயை ஒரு கணக்கில் மட்டும் வைத்திருக்கிறேன். போன் மாற்றும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை.

வங்கியும் ஆதாரும் இன்னும் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸைத்தான் கேட்கின்றன. அதனால் சித்தப்பாவின் பழைய நம்பரை விட முடியவில்லை. ரீசார்ஜ் முடியும் தேதியைச் சித்தி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வங்கி வேலை என்றால் மட்டும் முதலில் மாடிக்கு ஏறிவிட்டு, அப்புறம்தான் ஓடிபி கேட்கிறார்.