இரண்டு தைப்பூசங்களுக்குப் பிறகு: பழைய தமிழ் முகவரிகளைப் புதிய தளத்தோடு இணைத்த அனுபவம்

வேர்ட்பிரஸுக்கான ரீடைரக்‌ஷன் என்ற இலவச பிளகினை 2024 ஏப்ரல் முதல் ஒரே தளத்தில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பேராக் மாநிலத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு பூசைப் பொருள் கடையின் தளம் அது. ஊர்க்காரர்களுக்குக் கடையைத் தெரியும். அவர்களுக்கு இணையதளம் தேவையில்லை. ஈப்போவிலும் கோலகங்சாரிலும் தைப்பிங்கிலும் இருந்துகொண்டு காவடி வாடகைக்குக் கிடைக்குமா என்று கூகுளில் தேடுபவர்களுக்காகத்தான் அந்தத் தளம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் கடைக்கு வரும் வெளியூர் அழைப்புகளில் பெரும்பகுதி அப்படி வருவதுதான்.

2024 மார்ச்சில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் தளத்தைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தது. பார்க்க அழகாக இருந்தது, கைப்பேசியில் வேகமாகத் திறந்தது. ஆனால் பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரே விதியில் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். எதைத் தட்டினாலும் ஏதோ ஒரு பக்கம் திறப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கூகுள் அப்படிப் பார்ப்பதில்லை. காவடி வாடகை பற்றிய பக்கம் இருந்த இடத்தில், அதற்குத் தொடர்பில்லாத முகப்பு வந்தால், பழைய பக்கம் இல்லாமற்போனது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. சர்ச் கன்சோலில் அந்த முகவரிகள் ‘சாஃப்ட் 404’ என்ற பெயரில் வரிசையாகத் தோன்றும். பழைய பக்கம் சேர்த்துவைத்த மதிப்பு எங்கும் போய்ச் சேராது. “தம்பி, தளம் நன்றாக இருக்கிறது, ஆனால் போன் வருவதில்லையே” என்று கடைக்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது கன்சோலில் நான் பார்த்தது இதைத்தான்.

பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதே பொருளைப் பேசும் புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் இணைக்க வேண்டும். சொல்வது எளிது. தமிழ்த் தளத்தில் இது எங்கே சிக்குகிறது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பொதுவாகக் கிடைக்கும் வழிகாட்டிகளில் இதை நான் பார்த்ததில்லை.

பழைய தளத்தில் கட்டுரைத் தலைப்புகள் தமிழில் இருந்தன. முகவரிகளைத் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸே உருவாக்கியிருந்தது. முகவரியின் கடைசித் துண்டை, அதாவது ஸ்லக்கை, வேர்ட்பிரஸ் 200 எழுத்துகளுக்குள் சுருக்கிவிடும். ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் `%e0%ae%95` என்பதுபோல 9 எழுத்துகளாக விரிந்து சேமிக்கப்படுகிறது. புள்ளியும், கால், கொம்பு போன்ற துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே 22 தமிழ்க் குறியீடுகளோடு இடம் முடிந்துவிடுகிறது.

கடையின் முக்கியமான கட்டுரையின் தலைப்பு ‘தைப்பூசத்திற்குக் காவடி வாடகைக்கு எடுக்கும் முறை’. முதற்சொல்லில் 17 குறியீடுகள், ‘காவடி’யில் 5. இரண்டும் இடையிலுள்ள கோடும் சேர்ந்து 199. அதோடு முகவரி நின்றுவிட்டது. வாடகை என்ற சொல் அதில் இல்லவே இல்லை. பிறகு ‘தைப்பூசத்திற்குக் காவடி கட்டும் முறை’ என்று இன்னொரு கட்டுரை வந்தது. அதுவும் அதே இடத்தில் அறுபட்டு அதே முகவரியாகிவிடுவதால், வேர்ட்பிரஸ் பின்னால் `-2` சேர்த்தது. அந்த இரண்டு எழுத்துகளுக்கு இடம் போதாமல், ‘டி’யில் இருந்த இகரக் குறி வெட்டுப்பட்டது. கடைசியில் கிடைத்த முகவரி ‘தைப்பூசத்திற்குக்-காவட-2’.

தலைப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் இந்த முகவரியை ஊகிக்க முடியாது. பழைய தலைப்புகளிலிருந்து முகவரிகளைத் திரும்ப உருவாக்கி அட்டவணை போட்டால், விதிகள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஒன்றும் பொருந்தாது. எனவே பழைய தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை வாங்கி, தலைப்பையும் முகவரியையும் ஜோடியாக எடுத்தேன்:

```
SELECT post_title, post_name FROM wp_posts
WHERE post_status = 'publish';
```

காப்புப் பிரதி கிடைக்காதவர்களுக்குச் சர்ச் கன்சோல்தான் கதி. அதன் செயல்திறன் அறிக்கை 16 மாதங்களுக்கான முகவரிகளையும் சொடுக்குகளையும் தரும். திரையிலிருந்து ஒரு முறையில் 1,000 வரிகள் வரை இறக்கலாம். சிறிய கடைக்கு அது போதும். காப்புப் பிரதி இருந்தாலும் இந்த அறிக்கையை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த முகவரிக்கு உண்மையில் ஆள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதை அது சொல்லும். அதை வைத்து எதில் தொடங்குவது என்று முடிவு செய்யலாம்.

அட்டவணையில் நான்கு பத்திகள் வைத்தேன்: பழைய முகவரி, பழைய தலைப்பு, புதிய முகவரி, புதிய தலைப்பு. பிளகினுக்கு வேண்டியது முகவரிகள் மட்டும். சிஎஸ்வி கோப்பாக அப்படியே ஏற்றலாம். மூன்றாவது இடத்தில் உள்ள 0, இது ரெஜெக்ஸ் அல்ல என்பதைக் குறிக்கிறது:

```
/தைப்பூசத்திற்குக்-காவடி/,/kavadi-vaadagai/,0,301
/தைப்பூசத்திற்குக்-காவட-2/,/kavadi-kattum-murai/,0,301
```

முகவரியைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்தேன், பொருந்தியது. இதை முதலில் பாராட்ட வேண்டும். சதவீதக் குறிகளாக விரிந்த வரிகளைப் பார்த்து எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது மனிதரால் ஆகிற காரியமல்ல. தமிழில் இருந்தால் கடைக்கார அண்ணனே அட்டவணையைப் படித்து, “இந்தப் பொருள் இப்போது நம்மிடம் இல்லை” என்று சொல்ல முடிகிறது. அப்படி நின்றுபோன பொருள்களுக்கு நெருங்கிய மாற்று இருந்தால் அதற்குத் திருப்பினோம். இல்லாதவற்றை நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று சொல்லும் 410 ஆக்கினோம்.

தலைப்புகளுக்கான இரண்டு பத்திகள் எதற்கு என்று கேட்கலாம். 301 பழைய பக்கத்தின் மதிப்பைப் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அந்தப் பக்கம் எந்தத் தேடலுக்கு உரியது என்பதைப் புதிய பக்கமே சொல்லியாக வேண்டும். பழைய பக்கத்தின் டைட்டில் குறியில் காவடி, வாடகை, ஈப்போ என்ற சொற்கள் இருந்தன. ஆங்கில எழுத்தில் `kavadi rental ipoh` என்றும் சேர்த்திருந்தார்கள், தேடுபவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள். புதிய வடிவமைப்பில் அதே பக்கத்தின் டைட்டில் ‘சேவைகள்’ என்று மாறியிருந்தது. திருப்பத்தை மட்டும் சரிசெய்துவிட்டுச் சில வாரங்கள் பார்த்தேன். கூகுள் புதிய முகவரியை ஏற்றுக்கொண்டது. ஆனால் வாடகை என்ற சொல்லோடு வரும் தேடல்களில் பக்கம் மேலே வரவில்லை. பழைய டைட்டிலையும் பக்கத்தின் பெரிய தலைப்பையும் திரும்ப வைத்த பிறகுதான் நகர்ந்தது. சொடுக்கு வாங்கித் தந்த தலைப்பை வடிவமைப்புக்காக மாற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முன்னேற்றத்தை அளக்கும்போது ஒரு கவனம் தேவை. தைப்பூசம் ஆங்கில நாள்காட்டியில் நிலையாக இல்லை: 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் 2025இல் தளம் படுத்துவிட்டதுபோலத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு முந்தைய நான்கு வாரங்களை எடுத்து ஒப்பிட்டேன். காவடி வாடகைப் பக்கம் 2025இல் பழைய நிலைக்கு அருகில் வந்தது, 2026இல் அதைத் தாண்டியது. 16 மாதங்களுக்குப் பிறகு பழைய எண்கள் கன்சோலிலிருந்து மறைந்துவிடுவதால், 2024இன் கணக்கை அப்போதே இறக்கி வைத்திருந்தது உதவியது. திரும்பவே வராத பக்கமும் உண்டு. விளக்குத் திரி வகைகள் பற்றிய மூன்று கட்டுரைகளைப் புதிய தளத்தில் ஒரே சிறு பத்தியாகச் சுருக்கியிருந்தார்கள். மூன்றையும் அதற்குத் திருப்பியும் பயனில்லை. அங்கே சொல்லப்படும் செய்தியே குறைந்துவிட்டதே, எந்தத் திருப்பத்தால் அதை ஈடுசெய்ய முடியும்?

இனி பிளகினில் எனக்குள்ள குறைகள். கட்டுரை அல்லது பக்கத்தின் ஸ்லக் மாறும்போது தானாகவே ஒரு திருப்பத்தைச் சேர்க்கும் வசதி அதில் இருக்கிறது. பயனுள்ளதுதான், ஆனால் கடைப் பணியாளர் ஒரு பக்கத்தின் ஸ்லக்கை மாற்றியபோது, பழைய தமிழ் முகவரி இடையிலுள்ள முகவரிக்கும், அங்கிருந்து புதியதற்கும் என இரண்டு தாவலாகிவிட்டது. கூகுள்பாட் 10 தாவல்கள் வரை பின்தொடரும் என்றாலும், நேராகக் கடைசி இடத்துக்கு அனுப்புவதையே கூகுள் பரிந்துரைக்கிறது. வாசகருக்கும் காத்திருப்பு குறையும். இதைக் கண்டுபிடிக்க இந்தக் கட்டளை போதும்:

```
curl -sIL "https://example.com/பழைய-முகவரி/" | grep -iE "^(HTTP|location)"
```

ஒரு 301, பிறகு ஒரு 200 என்று வந்தால் சரி. இரண்டு 301 வந்தால், பழைய விதியின் இலக்கைக் கடைசி முகவரிக்கு மாற்றிவிடுவேன்.

404 பதிவேடு விடுபட்ட முகவரிகளைக் காட்டுவதற்கு மிக நல்லது. ஆனால் வேர்ட்பிரஸ் அதற்குள் ஓர் ஊகம் செய்கிறது: கேட்ட ஸ்லக் கிடைக்காவிட்டால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு பக்கத்துக்குத் தானே அனுப்பிவிடுகிறது. ‘காவடி’ என்ற பழைய வகைப்பக்கத்தைக் கேட்டவர்கள் ‘காவடி-முன்பணம்’ என்ற விதிமுறைப் பக்கத்தில் போய் நின்றார்கள். பதிவேட்டில் ஒரு தடயமும் இல்லை. வேர்ட்பிரஸ் 5.5 முதல் இதை ஒரு வரியில் நிறுத்தலாம்:

```
add_filter( 'do_redirect_guess_404_permalink', '__return_false' );
```

நிறுத்திய மறுநாள் பதிவேடு நிறைந்தது. அவற்றில் பல என் அட்டவணையில் இல்லாத படப் பக்கங்கள்.

பதிவேடு தரவுத்தளத்தில் சேர்வதால், மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது வேகமாகப் பருத்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதபடி அமைத்திருக்கிறேன். இன்னொன்று, ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேர்ட்பிரஸ் முழுதாக எழுந்து வர வேண்டியிருக்கிறது. சில நூறு விதிகள் உள்ள இந்தக் கடைக்கு அது பொருட்டல்ல. ஆயிரக்கணக்கில் இருந்தால் சர்வர் மட்டத்திலேயே செய்வேன். விதிகளை அபாச்சி, என்ஜின்எக்ஸ் வடிவங்களில் பிளகினே ஏற்றுமதி செய்து தருகிறது. ஆனால் என்ஜின்எக்ஸில் நீங்களே `map` எழுதுவதானால் `$uri` மாறியைப் பயன்படுத்துங்கள். அது சதவீதக் குறிகள் அவிழ்ந்த தமிழ் எழுத்தாக வரும். `$request_uri` விரிந்த வடிவிலேயே வரும், தமிழில் எழுதிய விதி அதோடு பொருந்தாது.

திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். இரண்டாவது தைப்பூசமும் முடிந்த நிலையில், பிளகினின் கடைசிப் பயன்பாடு என்ற பத்தியைப் பார்த்து எதையாவது நீக்கலாமா என்று யோசித்தேன். கோயில் குழுக்களின் பழைய வாட்ஸ்அப் செய்திகளிலிருந்தும் முகநூல் பதிவுகளிலிருந்தும் ‘காவட-2’ முகவரிக்கு இன்னும் ஆள் வருகிறார்கள். ஒரு விதியையும் நீக்கவில்லை.