டபரா டம்ளர் காபி மக்கா மாறுன கதை: லோகோ ஸ்கெட்ச்சோட எட்டு மாசம்

பெங்களூரு அல்சூர்ல மாமா காபித்தூள் கடை வச்சிருக்காரு. கணக்கு நோட்டுல பென்சில்ல ஒரு டபரா டம்ளர் வரைஞ்சு மேல மூணு கோடு ஆவி போட்டு, இத லோகோவா பண்ணிக் குடுடான்னாரு. லேப்டாப்ல இருந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன்ங்கற படம் வரையற ஏஐல, நாம குடுத்த படத்தையே மாத்தி வரையற இமேஜ்-டு-இமேஜ்ல போட்டேன், அன்னைலேந்து எவ்ளோ மாத்தணும்னு சொல்ற `Denoising strength` நம்பரோட மல்லுக்கட்டுதான்.

மொதல்ல நோட்டை அப்படியே ஃபோட்டோ புடிச்சு 0.35 வச்சேன். நோட்டு கோடு, என் கை நிழல், பென்சில் கிறுக்கல் எல்லாமே பத்திரமா இருந்துச்சு, கொஞ்சம் பாலிஷ் போட்ட மாதிரி அவ்ளோதான். சரின்னு 0.75 வச்சா படம் சூப்பரா இருக்கு, ஆனா டம்ளருக்குக் காது மொளச்சு மக்கா ஆயிடுச்சு, டபரா சாஸர் ஆயிடுச்சு. "என்னடா மாப்ள, இதுல எவன் ஃபில்டர் காபி குடிப்பான்"னாரு மாமா.

ரொம்ப நாள் 0.5 பக்கத்துலயே சுத்திட்டு இருந்தேன், தப்பு நம்பர்ல இல்ல, நான் குடுத்த படத்துலன்னு லேட்டாதான் புரிஞ்சுது. இது நம்ம படத்து மேல நாய்ஸ், அதாவது கண்டபடி புள்ளி தூவி அப்புறம் அதைத் துடைக்குது, ஸ்ட்ரெங்த் எவ்ளோவோ அவ்ளோ நாய்ஸ். அதுல மொதல்ல அழியறது மெல்லிசான கோடு, கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கறது பெரிய பெரிய கருப்பு வெள்ளைத் திட்டு. பென்சில் ஸ்கெட்ச்ல திட்டே கிடையாதே, அப்ப டம்ளர் எங்கேந்து நிக்கும்? அழுக்கு பேப்பரோட சாம்பல் கலர்தான் நிக்கும்.

அதனால ஃபோட்டோல பேப்பரை, வெளிச்சம் இருட்டை மாத்தற லெவல்ஸ்ல சுத்த வெள்ளையாக்கி, டம்ளரும் டபராவும் முழுசா காபி பிரவுன் கலர்ல ரொப்புனேன். ஆவிக் கோட்டை 512 பிக்சல் படத்துல 12 பிக்சல் தடிமனா போட்டேன், ஏன்னா இது உள்ள படத்தை எட்டுல ஒரு பங்கா சுருக்கித்தான் வேலை பாக்குது, எட்டு பிக்சலுக்குக் கம்மியான கோடெல்லாம் பிசுறடிக்கும். இப்ப 0.5லயே காது மொளைக்காம டம்ளர் டம்ளராவே வந்துச்சு. அதுல நல்லதா ஒண்ணை எடுத்துத் திரும்ப 0.3ல விட்டா ஓரமெல்லாம் நேராயிடுது.

ஒண்ணு கவனிங்க, ஸ்டெப்ங்கறது நாய்ஸை எத்தனை தடவைல துடைக்குதுங்கறது, 20 ஸ்டெப் போட்டு 0.3 வச்சா நிஜமா ஓடறது 6 ஸ்டெப்தான், அதனால படம் மசமசன்னு இருந்தா ஸ்டெப்பை 40 ஆக்கிப் பாருங்க. நம்பரை மாத்தி மாத்திப் பாக்கும்போது நாய்ஸ் எப்படி விழணும்னு முடிவு பண்ற சீட் நம்பரை லாக் பண்ணிடுங்க, இல்லன்னா வித்தியாசம் எதனால வந்துச்சுன்னே தெரியாது (நான் ரெண்டு வாரம் அப்படித்தான் வேஸ்ட் பண்ணேன்).

கடைப் பேரை இதுகிட்ட குடுக்கவே கூடாது, தமிழ் எழுத்து ஜிலேபியாதான் வருது. படத்தை இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல ட்ரேஸ் பண்ணி, பேரை அங்கயே ஃபான்ட்ல அடிச்சேன். போர்டு மாட்டியாச்சு. ஆவி கோடு மூணு மட்டும் கடைசில நானே கையால திருத்துனது, ஒவ்வொரு தடவையும் அது நாலாவதா ஒண்ணு சேத்துட்டே இருந்துச்சு.